மாசி வீதியில் தனியாக ஒருவன்

ஹாலாஸ்யத்தின் கதை மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது ஐப்பசி மாதத்து அடைமழையில். தபால்காரர் குடைக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நனைந்து போயிருந்தால்கூட ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

ஹாலாஸ்யத்துக்கு முப்பத்திரண்டு வயது. வைகைக்கு வடக்கே தல்லாகுளத்தில் கோர்ட்டு குமாஸ்தா. குடியிருப்பது ஆற்றுக்குத் தெற்கே, வடக்கு ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஐந்து குடித்தனங்கள் சேர்ந்திருந்த வீட்டில். சர்க்கார் உத்தியோகஸ்தன் பத்திரிகைக்கு எழுதுவது மேலே தெரிந்தால் வம்பு. அதனால் புனைபெயரில் எழுதினார். அந்தப் பெயரில் இதுவரை ஒரு வரிகூட அச்சாகவில்லை என்பதால் ரகசியம் பத்திரமாகவே இருந்தது.

சென்னைப் பத்திரிகையின் ஆசிரியர் நல்ல மனிதர். மற்ற இடங்களில் அச்சடித்த சீட்டு ஒன்றை வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். இவர் இரண்டு பக்கம் கைப்பட எழுதியிருந்தார். அந்த வருஷம் எல்லாரும் புது மாதிரிக் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். ராஜகுமாரியும் ஜமீன்தாரும் போய், பட்டணத்துத் தெருவும் அதில் நடக்கிற பெயர் தெரியாத மனிதனும் வந்திருந்த காலம். ஹாலாஸ்யமும் அப்படித்தான் எழுதியிருந்தார். பெரிய நகரத்துக் கூட்டத்தில் ஒருவன் தனியாக நடக்கிறான், அவ்வளவுதான் கதை.

ஆசிரியர் எழுதியிருந்தார்: "உம்முடைய கதாநாயகன் தனிமையில் வாடினான் என்று நான்கு இடத்தில் சொல்லுகிறீர். அதை நீர் சொல்லக்கூடாது, தெரு சொல்ல வேண்டும். அவன் வெற்றிலைக் கடைக்குப் போனால் கடைக்காரன் பெயரைச் சொல்லி ஷேமம் விசாரிக்கிறான். இது நகரமா, சம்பந்தி வீடா? கூட்டத்தில் தனியாக இருப்பவனுக்கு மனிதர்கள் பெயரோடு வரமாட்டார்கள். ஒரு கை, ஒரு கழுத்து, செருப்புச் சத்தம், இப்படித் துண்டு துண்டாக வருவார்கள். இங்கே டிராமில் எதிரெதிரே அரை மணி நேரம் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போகிறோம். அந்த அரை மணி நேரம் உம்முடைய கதையில் இல்லை. கூட்டம் கொடுமைக்காரக் கூட்டமாக இருக்க வேண்டியதில்லை, அவனிடம் அதற்குக் காரியம் இல்லை என்றால் போதும். கார்த்திகை முடிவதற்குள் திருத்தி அனுப்பினால் பொங்கல் மலருக்குப் பார்க்கிறேன்."

இதுவும் திரும்பி வந்தால் பேனாவை மூடிவிடுவது என்று அன்றைக்கே ஹாலாஸ்யம் தீர்மானம் செய்துகொண்டார். பத்து வருஷமாக எழுதுகிறவர். மலரில் ஒரே ஒரு கதை வந்தால் போதும், வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தனிமைக்கு எங்கே போவது?

சென்னைக்கு அவர் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். எழும்பூரில் கால் வைத்ததுமே சித்தப்பா வந்து கையைப் பிடித்தவர், மூன்றாம் நாள் ரயிலேற்றும்போதுதான் விட்டார். டிராமிலும் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்தவரிடம் இவருடைய கோத்திரம் வரைக்கும் சொல்லிவிட்டார். ஆகவே மதுரையிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கூட்டத்துக்கு மதுரையில் என்ன பஞ்சம்? ஆபீஸ் விட்டு, பாலத்தைத் தாண்டி, நேரே வீட்டுக்குப் போகாமல் நான்கு மாசி வீதியையும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

இங்கேதான் ஊரின் அமைப்பு அவருக்கு எதிராக நின்றது. புது மாதிரிக் கதையில் வருகிறவன் நடந்து நடந்து வழி தப்பிப் போவான், பார்த்தே இராத தெருவில் போய் நிற்பான். மதுரையில் எங்கே தப்புவது? அம்மன் சன்னிதியை நடுவில் வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதி போட்டு வைத்திருக்கிறார்கள். எந்த மூலையில் திரும்பினாலும் தெற்கு மாசி மேற்கு மாசியிலும், மேற்கு மாசி வடக்கு மாசியிலும் கொண்டுவிட்டு, கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே, அதே எண்ணெய்க்கடை வாசலில், ஆளை ஒப்படைத்துவிடும்.

அதைவிட மோசம் மனிதர்கள். மேற்கே மில் சங்கு ஊதியதும் வேலை விட்டு வருகிறவர்களும், ஜவுளிக்கு வந்த நாட்டுப்புறத்தாரும், கோவிலுக்குப் போகிற பெண்களுமாக வீதி கொள்ளாத ஜனம்தான். ஆனால் பத்தடிக்கு ஒருவர் அவரை அறிந்தவராயிருந்தார். விளக்குத்தூண் பக்கம் வெற்றிலைக்கடை வைத்திருந்த கண்ணுச்சாமிக்கு வாடிப்பட்டிப் பக்கம் ஊர். பத்து வருஷத்துக்கு முன் ஒரு வாய்க்கால் வழக்குக்காகக் கோர்ட்டுக்கு வந்து, வழக்குத் தோற்று, அந்தப் பழக்கத்தில் இங்கேயே கடை போட்டவர். போகிறவனை எங்கே என்று கேட்டால் காரியம் கெடும் என்பதால் அவர் முறையாகத்தான் விசாரிப்பார்.

"சாமி, தூரமா?" என்பார்.

சும்மா நடக்கிறேன் என்று ஹாலாஸ்யம் சொன்னால் விடமாட்டார். சும்மா நடக்க மனுஷனுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு, வயித்துக்கோளாறா, வீட்ல சண்டையா என்று அடுக்குவார். அதற்குள் கடைக்கு வந்த இன்னும் இரண்டு பேர், வயிற்றுக்குக் கைகண்ட மருந்து சொல்லுவார்கள். ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டே வடக்கு மாசி வீதிவரை கூட வந்துவிட்டார்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. எழுதினதைத் தூக்கிப் பார்த்தால் பக்கம் நிறைய விசாரிப்பு.

கார்த்திகை முதல் தேதி ஹாலாஸ்யம் ஒரு முடிவுக்கு வந்தார். யார் என்ன கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை. யார் முகத்தையும் அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. பட்டணத்தான்போல் நடப்பது. அன்றைக்குப் பார்த்துப் பாலத்தின் மேலேயே செருப்பு வார் அறுந்தது. கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு, தலை குனிந்து, வாய் மூடி, நான்கு மாசி வீதியையும் வலமாகச் சுற்றினார். செருப்பில்லாதது கண்ணை இன்னும் கீழே இறக்கிற்று. கீழே பார்த்து நடந்தால் உலகத்தில் கால்கள்தான் இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்தது. அது கதைக்கு ஆகும் என்று தோன்றவே, மறுநாளும் செருப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டு நடந்தார்.

மூன்றாம் நாள் கண்ணுச்சாமி தூரமா என்று கேட்கவில்லை. கடையைவிட்டு இறங்கி வந்து, கும்பிட்டு, ஒதுங்கி நின்றார். பக்கத்தில் நின்றவனிடம் அவர் சொன்னது ஹாலாஸ்யத்தின் காதில் விழுந்தது.

"சத்தம் போடாதய்யா. சாமி மௌன விரதம். ஒரு மண்டலம் வீதி வலம் வாராரு. பாவம், புள்ள இல்ல அவுகளுக்கு."

ஹாலாஸ்யம் நின்றார். இல்லை என்று சொல்ல வாய்கூடத் திறந்தார். அந்த ஒரு கணத்தில், அவரைச் சுற்றி இரண்டு முழத்துக்கு யாரும் இல்லை என்பதைக் கண்டார். தெற்கு மாசி வீதியில், மாலை ஆறு மணிக்கு, அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், இரண்டு முழம் வெற்றிடம். பத்து வருஷமாகப் பேனா தேய்த்துத் தேடினது. வாயை மூடிக்கொண்டு நடந்தார்.

சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. அதே வீட்டில் எதிர் அறையில் இருந்த அகிலாண்டம் மாமிக்குக் கோவிலில் தெரிந்து, அவள் ஹாலாஸ்யத்தின் மனைவி ஸ்யாமளாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டாளாம். ஹாலாஸ்யம் உள்ளே நுழைந்தபோது ஸ்யாமளா கால் அலம்பச் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி எட்டு வருஷம். அவள் கண் நிறைந்திருந்தது. அவருடைய விரதத்துக்குப் பங்கம் வரக்கூடாதென்று அவளும் வீட்டில் பேசுவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். அன்று முதல் ராத்திரிப் பலகாரமும் அவளுக்கு இல்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். மனிதன் கெட்டவனில்லை. கார்த்திகை முடிய இருபத்தேழு நாள்தானே, கதையை அனுப்பிவிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அவ்வளவுதான் அவர் செய்த பாவம்.

விதிகளைத் தெருவே வகுத்துக்கொடுத்தது. ஆபீஸில் பேசலாம், அது சர்க்கார் காரியம், சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். பாலத்துக்குத் தெற்கே காலை வைத்தால் மௌனம். ஆபீஸிலோ கதையைப் பற்றி மூச்சு விடமுடியாது. ஆக, ஹாலாஸ்யத்துக்கு வாய் இருக்கிற இடத்தில் விஷயம் இல்லை, விஷயம் இருக்கிற இடத்தில் வாய் இல்லை.

கதை வந்தது. அப்படி ஒரு நாளும் அவருக்கு வந்ததில்லை. யாரும் பேசாதபோது முகங்களிலிருந்து பெயர் கழன்று விழுந்துவிடுகிறது என்று கண்டார். எண்ணெய்க்கடைக்காரர் போய், எண்ணெய் மின்னும் ஒரு முழங்கை மட்டும் மிஞ்சிற்று. பூக்காரி போய், நார் கிழிக்கிற நகம் மிஞ்சிற்று. காதும் தனியாகப் பிரிந்தது. ஜட்கா மணி, தறித் துணியைக் கிழிக்கும் ஓசை, பாதியில் கேட்டுப் பாதியில் போகிற பேச்சு. "...அவ வரமாட்டேன்னுட்டா" என்று ஒரு குரல் கடந்து போகும். யார், எங்கே, ஏன் வரமாட்டாள்? தெரியாது. தெரியவே போவதில்லை. முன்பானால் நின்று கேட்டிருப்பார், அவர்களும் சொல்லியிருப்பார்கள். இப்போது அந்தப் பாதி வாக்கியம் நெஞ்சில் முள்ளாக நின்றது. முழுக்கதை தெரிந்த ஊரில் தனிமை இல்லை, பாதி வாக்கியங்களில்தான் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

இன்னொன்றும் கண்டார். பட்டணத்தில் கூட்டம் ஒருவனைப் பார்க்காமல் போகும். இங்கே எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டே விலகினார்கள். பார்க்கப்பட்டும் தீண்டப்படாமல் போவது, பார்க்கப்படாததைவிடக் கனம். ஒரு நாள் கூட்ட நெரிசலில் ஒரு தயிர்க்காரியின் தோள் இவர் தோளில் இடித்துவிட்டது. அவள் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள். அந்த இடி அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அவர் கதையில் எழுதவில்லை. கூச்சமாக இருந்தது.

வாடினான் என்ற சொல்லைக் கதை முழுதும் ஒரு இடத்திலும் எழுதவில்லை. கதாநாயகனுக்குப் பெயர் வைக்கவில்லை. பீடி பற்றவைக்க நெருப்புத் தேடுகிறான். நூறு பேர் கையில் நெருப்பு இருக்கிறது. வாய்விட்டுக் கேட்டால் யாரும் கொடுத்திருப்பார்கள், கேட்கத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. நான்கு வீதியும் சுற்றிப் பற்றவைக்காத பீடியோடு அறைக்குத் திரும்புகிறான். கடைசி வரி இப்படி: "கதவைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை என்பது அவனுக்குத் திறக்குமுன்பே தெரியும்." அதை அவர் எழுதினபோது ஸ்யாமளா அடுப்பங்கரையில் ஓசைப்படாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

கார்த்திகை இருபத்தெட்டாம் தேதி தபாலில் போட்டார். இனிச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தார். ஸ்யாமளா நாள்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் மஞ்சளால் புள்ளி வைத்திருந்தாள், கோலம்போல. இருபத்தெட்டுப் புள்ளி. மண்டலத்து நாற்பத்தெட்டில் மிச்சம் இருபதையும் முடித்துவிடுவதே மரியாதை என்று அவருக்குப் பட்டது.

மார்கழி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாலையில் நடக்கப் புறப்படுகிறபோது வாசல் பெட்டியில் ஒரு கார்டு கிடந்தது. "கதை கிடைத்தது. பிரமாதம். மலரில் முதல் கதையாகப் போடுகிறேன். இந்தத் தனிமையை எங்கே பிடித்தீர்?"

பத்து வருஷம். ஹாலாஸ்யம் உள்ளே ஓடி ஸ்யாமளாவிடம் நீட்டினார். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, அவர் உதடு அசைவதைத்தான் பார்த்தாள். பயந்து, இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். முப்பத்தைந்து நாள் வீணாகிவிடும் என்று அவள் கண் கெஞ்சிற்று. அவர் கார்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

சந்து முனையில் பிச்சுமணி வந்தான். அதே வீட்டில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார். இவர் எழுதுவது தெரிந்த ஒரே நண்பன், மூன்று தடவை திரும்பி வந்ததற்கும் சிரித்தவன். ஹாலாஸ்யம் அவன் முன்னால் போய் நின்று, "பிச்சு" என்று ஆரம்பித்தார். பாதி எழுத்துத்தான் வந்திருக்கும்.

"அடப்பாவி, என்னண்டையா வந்து மௌனத்தை முறிக்கறே? அந்தப் பழி எனக்கு வேண்டாம்டா" என்று பிச்சுமணி திரும்பிப் பார்க்காமல் ஓடினான். அவனுக்கு நான்கு பெண்கள். சாபத்துக்குப் பயந்தவன்.

பிறகு வீதி. விளக்குத்தூணில் கண்ணுச்சாமியைப் பார்த்ததும் ஹாலாஸ்யம் நின்றேவிட்டார். இந்த மனிதர் ஒரு தடவை, ஒரே தடவை, சாமி தூரமா என்று கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். கண்ணுச்சாமி கும்பிட்டார். ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லாரும் ஒதுங்கினார்கள். இடுப்பில் கார்டு சுட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆயிரம் ஜனம், எல்லாருக்கும் அவர்மேல் பிரியம், ஒருவரிடமும் சொல்ல வழியில்லை. அன்றைக்கு அந்த நான்கு வீதியையும் சுற்றிவந்தது தான் எழுதிய கதையைவிட எவ்வளவோ நல்ல கதை என்று அவருக்குத் தெரிந்தது. அதை இனி எழுதி அனுப்ப முடியாது. கதை அச்சுக்குப் போய்விட்டதே.

நாற்பத்தெட்டாம் நாள் முடிந்தது. மறுநாள் ஸ்யாமளா பாயசம் வைத்தாள். வீதி முழுக்க விசாரிப்பு, கண்ணுச்சாமி ஒரு கவுளி வெற்றிலையைக் கையில் திணித்து, இம்புட்டு நாளு உங்ககிட்டப் பேசாம நாக்கே தடிச்சுப்போச்சு என்றார். ஹாலாஸ்யம் பிச்சுமணியிடம் கதை வருவதைச் சொன்னார். பேஷ் என்றான் அவன். இரண்டு வாரம் பழையதான சந்தோஷம், ஆறின காப்பிபோல இருந்தது. ஸ்யாமளாவிடமும் ஒரு கதை வரப்போகிறது என்று மட்டும் சொன்னார்.

போகிக்கு முதல் நாள் மலர் வந்தது. அவர் ஆபீஸிலிருந்து வருமுன்னே ஸ்யாமளா உறையைப் பிரித்துப் படித்துவிட்டிருந்தாள். அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் பேசினாள்.

"உள்ளே யாரும் இல்லைன்னு எழுதியிருக்கேள்."

"கதைன்னா அப்படி. ஒண்டி ஆள்னு வெச்சாத்தான்..."

"நன்னா இருக்கு. கையும் காலுமா வரதே, அது நன்னா இருக்கு." விளக்கில் கண்ணாடியை மாட்டினாள். "இதுக்குத்தான் நடந்தேளா?"

ஹாலாஸ்யம் ஆமாம் என்றார். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்காமலிருந்தது அந்த மனிதருடைய நல்ல குணம்.

ஸ்யாமளா அழவில்லை. கொஞ்ச நேரம் திரியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருஷமா நானும் தினம் இதே வீதியில்தான் கோவிலுக்குப் போறேன். முதல்லே எல்லாரும் நின்னு கேப்பா, விசேஷம் உண்டான்னு. நாலஞ்சு வருஷம் ஆனப்புறம் கேக்கறதை விட்டுட்டா. சங்கடம் பாருங்கோ. என்னைக் கண்டா பூக்கடையைப் பார்க்கிற மாதிரி திரும்பிப்பா. வளைகாப்பு, சீமந்தம்னா கூப்பிடறதும் இல்லை. நீங்க எழுதியிருக்கேளே, இரண்டு முழம் இடைவெளி... அது எனக்கு எப்பவும் இருந்தது. உங்களுக்குத்தான் நாற்பத்தெட்டு நாள் வேண்டியிருந்தது."

ஹாலாஸ்யம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேளுங்கோ. நீங்க வாயை மூடிண்ட அன்னிக்கே எல்லாரும் என்னண்டை பேச ஆரம்பிச்சுட்டா. உங்க ஆத்துக்காரர் இப்படி ஒரு விரதமான்னு கையைப் பிடிச்சுண்டா. பூக்காரி முழம் போட்டா ஒரு சாண் கூட விடறா. அந்த வெற்றிலைக்கடைக்காரர் இருக்காரே, என்னைப் பார்த்து, தாயி தூரமான்னு கேட்டார். எட்டு வருஷத்திலே முதல் தடவை. சந்நிதி வரைக்கும் போறேன் அப்பான்னேன். எம்புட்டு நேரம் சந்தோஷமா இருந்தது தெரியுமா? எனக்கே அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிண்டுடுத்து."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"போன வாரத்திலேர்ந்து மறுபடியும் குறைஞ்சிண்டு வரது. விரதம் முடிஞ்சதோல்லியோ. இனிமே பலன் என்னன்னு பார்ப்பா. பார்த்து, திரும்பிப்பா."

வெளியே யாரோ போகிக்குப் பழம்பாய்களை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்யாமளா விளக்கை மாடத்தில் வைத்தாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பாமலே கேட்டாள்.

"இன்னும் ஒரு மண்டலம் நடக்கறேளா?"

பொங்கல் கழிந்து ஆபீஸ் திறந்த அன்று மாலை, பாலத்தைத் தாண்டினதும் ஹாலாஸ்யம் செருப்பைக் கழற்றினார். வாயை மூடிக்கொண்டு வடக்கு மாசி வீதியில் நுழைந்தார். ஜனங்கள் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், விலகினார்கள். அவருக்கு இப்போது இந்தத் தெருவிலிருந்து எழுத ஒன்றுமில்லை. முழங்கையும் நகமும் அப்படியே வந்து அப்படியே போயின. விளக்குத்தூண் வளைவில் எதிரே பெண்கள் ஏழெட்டுப் பேர் கும்பலாக வந்தார்கள். நடுவில் ஸ்யாமளா. ஒரே நேரத்தில் மூன்று பேர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள், யாருக்கு முதலில் பதில் சொல்வதென்று தெரியாமல் அவள் திணறிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கி வழிவிட்டார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து ஒதுங்கி, தெரியாதவள்போல் நின்று, அவர் கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள்.